இந்த பிட் யாருடையது?



இன்றைக்கு ஒரே ஒரு பைட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் இருப்பவை எட்டு பிட்டுகள். உங்களில் பலர் கையில் வைத்திருக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் நடுவில் ஏடிமெகா328பி என்றொரு சில்லு இருக்கிறது. அதில் தொடர்வரிசைத் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் பகுதிக்கு ஒரு நிலைச்சொல் உண்டு. அதன் பெயர் `UCSR0A`. இந்த ஒரு பைட்டைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு மாஸ்க் என்னும் உத்தியில் அறிய வேண்டியது பெரும்பாலும் தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதனால் இரண்டு நாள் ஓர் ஆலையின் மின்பலகை அறையில் நின்றேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு, மின்பலகையில் இருக்கும் மீட்டர்களைப் படித்துக் கணக்கு வைக்கும் ஒரு சிறு கருவியை நானும் என் நண்பரும் செய்து கொடுத்தோம். மீட்டர்கள் மோட்பஸ் முறையில் பேசுபவை. ஆர்.எஸ்.485 என்னும் இரட்டைக் கம்பி ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும். கருவி கேள்வி கேட்க வேண்டும், பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மீட்டர் பதில் சொல்ல வேண்டும். கருவியைப் போட்டோம். முதல் கேள்விக்கு மீட்டர் சரியான பதிலைச் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு மௌனம். மூன்றாவதற்கும் மௌனம். அணைத்துப் போட்டால் மறுபடி ஒரே ஒரு பதில் வரும், அதன்பின் மௌனம்.

கம்பியைச் சந்தேகப்பட்டோம். முனையில் போடும் 120 ஓம் மின்தடையை மாற்றினோம். மீட்டரையே மாற்றிப் பார்த்தோம். பழுது எங்கள் நிரலில் இருந்தது, அதுவும் ஒரே வரியில். அந்த வரியை இந்த அரங்கில் யாரிடம் காட்டினாலும் சரியென்றே சொல்லியிருப்பீர்கள்.

ஆர்.எஸ்.485 கம்பியில் எல்லோரும் ஒரே இரண்டு இழைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். நம் பக்கத்துச் சில்லில் ஓட்டி என்று சொல்லும் பகுதியைத் திறக்கவும் மூடவும் ஒரு கால் இருக்கும். பலகையில் அதற்கு `DE` என்று பெயர் பொறித்திருப்பார்கள். அதை உயர்த்தினால் நாம் பேசலாம், தாழ்த்தினால் கம்பியை விட்டுவிட்டுக் கேட்கலாம். கேள்வியின் கடைசி பிட் கம்பியில் போய்ச் சேரும்வரை அதை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் முந்தித் தாழ்த்தினால் நம் கேள்வியின் வால் அறுந்துவிடும். அதிகம் தாமதித்தால் மீட்டரின் பதில் மீது நாமே ஏறி மிதிப்போம். ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: அனுப்புதல் உண்மையிலேயே எப்போது முடிந்தது? அதற்கு விடை அந்த நிலைச்சொல்லில் ஒரு பிட்டாக இருக்கிறது.

அந்தப் பைட்டை இப்போது பார்ப்போம். இடப்பக்கம் ஏழாம் பிட், வலப்பக்கம் பூச்சியமாம் பிட்.

```
 7     6     5      4    3     2     1     0
RXC0  TXC0  UDRE0  FE0  DOR0  UPE0  U2X0  MPCM0
```

ஏழாம் பிட் ஒன்றாக இருந்தால், வந்து சேர்ந்த ஓர் எழுத்து படிக்கப்படாமல் காத்திருக்கிறது. ஆறாம் பிட், கையில் இருந்ததெல்லாம் கம்பியில் போய் முடிந்தது என்கிறது. ஐந்தாம் பிட், அடுத்த எழுத்தை வைக்க இடம் இருக்கிறது என்கிறது. ஆறும் ஐந்தும் ஒரே செய்தியைச் சொல்வதுபோல் தோன்றும், ஆனால் அல்ல. இதற்குத் திரும்பி வருகிறேன். நான்கு, மூன்று, இரண்டு ஆகிய மூன்றும் வரவில் நேர்ந்த பிழைகள். முடிவு பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது நான்கு. நாம் படிக்கத் தாமதித்ததால் ஓர் எழுத்து தொலைந்தது என்பது மூன்று. சமநிலைச் சோதனை பொருந்தவில்லை என்பது இரண்டு. கடைசி இரண்டும் வேறு இனம். அவை வன்பொருள் நமக்குச் சொல்பவை அல்ல, நாம் வன்பொருளுக்குச் சொல்பவை: இரட்டிப்பு வேக முறை வேண்டுமா, பல செயலிகள் பகிரும் முறை வேண்டுமா என்ற அமைப்புகள்.

இப்படி மூன்று இனங்கள் ஒரே பைட்டுக்குள் குடியிருக்கின்றன. ஒற்றை பிட்டைத் தனியே எடுத்துப் படிக்க இந்த இடத்தில் செயலிக்கு வழி இல்லை. படித்தால் எட்டையும் படிக்க வேண்டும், எழுதினால் எட்டையும் எழுத வேண்டும். அதனால்தான் மாஸ்க் வேண்டியிருக்கிறது.

மார்கழியில் கடைத்தெருவில் கோல அச்சு விற்பார்கள் அல்லவா? துளையிட்ட தகடு. தரையில் வைத்து மாவைத் தூவினால், துளை இருக்கும் இடத்தில் மட்டும் விழும். தகடு மூடியிருக்கும் இடத்தில் தரை இருந்தபடியே இருக்கும். மாஸ்க் என்பது அப்படி ஒரு தகடு. ஒன்று என்றால் துளை, பூச்சியம் என்றால் மூடிய இடம். ஐந்தாம் பிட்டுக்கு மட்டும் துளை வேண்டுமென்றால் ஒன்றை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ள வேண்டும்: `1 << 5`. அது `0010 0000`. நான்கு நான்கு பிட்டாகப் பிரித்துப் பதினாறடிமான எண்ணில் எழுதினால் `0x20`.

துளைவழியே பார்ப்பது `&`. இரண்டு பக்கமும் ஒன்று இருந்தால்தான் விடையில் ஒன்று வரும், ஆகவே மூடிய இடமெல்லாம் பூச்சியமாகத் தெரியும். துளைவழியே மாவைத் தூவுவது `|`. துளை உள்ள இடம் ஒன்றாகும், மற்றவை இருந்தபடி இருக்கும். துளை உள்ள இடத்தை மட்டும் துடைக்க வேண்டுமென்றால் முதலில் `~` போட்டுத் தகட்டைத் தலைகீழாக்க வேண்டும். துளை மூடியாகும், மூடி துளையாகும். பிறகு அதை `&` செய்தால் நாம் குறித்த இடம் மட்டும் பூச்சியமாகும். நான்காவதாக `^` இருக்கிறது. துளை உள்ள இடத்தில் மட்டும் ஒன்றைப் பூச்சியமாக, பூச்சியத்தை ஒன்றாக மாற்றும். பழைய நிலைச்சொல்லையும் புதியதையும் `^` செய்தால் எந்தெந்த பிட் மாறியது என்று ஒரே அடியில் தெரியும். அது நல்ல பயன், ஆனால் இன்றைய கதைக்குத் தேவையில்லை.

ஓர் எண்ணை வைத்துச் செய்து பார்ப்போம். நிலைச்சொல்லைப் படித்தால் `0x62` வருகிறது என்று கொள்ளுங்கள். விரித்தால் `0110 0010`. ஆறும் ஐந்தும் ஒன்றும் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் பிட்டைச் சோதிக்கிறோம்: `0x62 & 0x20` என்பது `0x20`. பூச்சியம் அல்ல, ஆகவே இடம் இருக்கிறது. ஏழாம் பிட்டைச் சோதிக்கிறோம்: `0x62 & 0x80` என்பது பூச்சியம். எழுத்து ஒன்றும் வரவில்லை. முதல் விடை `1` அல்ல, `0x20` என்பதைக் கவனியுங்கள். சோதனையின் விடையை `== 1` என்று ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். பூச்சியமாம் பிட்டைத் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது. பூச்சியமா இல்லையா என்றே கேளுங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிரலை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். இந்தச் சில்லுக்கான தலைப்புக் கோப்பில் `UDRE0` என்ற பெயருக்கு மதிப்பு `5`. அது பிட்டின் எண், மாஸ்க் அல்ல. யாராவது `UCSR0A & UDRE0` என்று எழுதினால், ஐந்து என்பது `0000 0101` ஆகையால், அவர் சோதிப்பது சமநிலைப் பிழையையும் பல செயலி முறையையும். இரண்டும் வழக்கமாகப் பூச்சியம். இடம் கிடைக்கும்வரை காத்திரு என்று எழுதிய சுழற்சி என்றென்றும் காத்திருக்கும். எஸ்டிஎம்32 வகைச் சில்லுகளின் தலைப்புக் கோப்பில் இதே வகைப் பெயர்கள் மாஸ்க்காகவே கொடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து இங்கு வருபவர்கள் பழக்கத்தில் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். தொகுப்பான் எச்சரிக்காது, அதற்கு இரண்டுமே எண்கள்தான்.

ஆலைக்குத் திரும்புவோம். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தகவல் எட்டு, முடிவு பிட் ஒன்று, ஆகப் பத்து பிட். ஓர் எழுத்து போக 1.04 மில்லிசெகண்ட் ஆகும். மீட்டரிடம் கேட்கும் கேள்வி எட்டு பைட்: முகவரி ஒன்று, செய்ய வேண்டிய வேலை ஒன்று, தொடக்க இடம் இரண்டு, எத்தனை வேண்டும் என்பது இரண்டு, கடைசியில் பிழை காணும் சிஆர்சி இரண்டு. மொத்தம் 8.3 மில்லிசெகண்ட்.

அனுப்பும் பகுதிக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. நாம் `UDR0` என்ற இடத்தில் எழுதும் எழுத்து முதலில் வெளி அறைக்குப் போகும். உள் அறை காலியானதும் அங்கே நகர்ந்து, ஒவ்வொரு பிட்டாகக் கம்பியில் ஏறும். ஐந்தாம் பிட் வெளி அறை காலி என்கிறது. ஆறாம் பிட், இரண்டு அறையும் காலி, கடைசி முடிவு பிட்டும் போய்விட்டது என்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு முழு எழுத்தின் நேரம் இருக்கிறது. ஐந்தாம் பிட்டை நம்பி `DE` காலைத் தாழ்த்தினால், எட்டாவது எழுத்து கம்பியில் ஏறத் தொடங்கும் அதே கணத்தில் ஓட்டி மூடிவிடும். சிஆர்சியின் கடைசி பைட் போகாது. மீட்டருக்குக் கேள்வி பழுதாகத் தெரியும், அது பதில் சொல்லாது. மோட்பஸ் விதிப்படி அது செய்வது சரியே.

இது எங்களுக்குத் தெரியும். அதனால் ஆறாம் பிட்டுக்குத்தான் காத்திருந்தோம். ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் பழைய கொடியை இறக்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும் தெரியும். இறக்குவதற்கு எழுதிய வரி இது:

```c
UCSR0A &= ~(1 << TXC0);
```

பாடப்புத்தகத்தில் ஒரு பிட்டைத் துடைக்கச் சொல்லித் தரும் வரி இதுதான். மாஸ்க் சரி, தலைகீழாக்கியது சரி, `&` சரி. ஆனால் கொடி இறங்கவில்லை. ஏனென்றால் இந்தக் கொடி பூச்சியம் எழுதினால் இறங்குவது அல்ல, ஒன்று எழுதினால் இறங்குவது. சில்லின் டேட்டாஷீட்டில் ஆறாம் பிட்டுக்கான பத்தியில் இது ஒரே வாக்கியமாக இருக்கிறது: அந்த பிட் இருக்குமிடத்தில் ஒன்றை எழுதித் துடைக்கலாம்.

எண்ணை வைத்துப் பாருங்கள். முதல் கேள்வி முடிந்தபின் நிலைச்சொல் `0x62`. தலைகீழ் மாஸ்க் `0xBF`. இரண்டையும் `&` செய்தால் `0x22`. அதை எழுதுகிறோம். ஆறாம் இடத்தில் பூச்சியம் போகிறது. வன்பொருளுக்குப் பூச்சியம் என்றால் இதைத் தொடாதே என்று பொருள். மறுபடி படித்தால் அதே `0x62`.

இப்போது மின்பலகை அறையில் கண்டது முழுவதும் விளங்குகிறது. மின்சாரம் கொடுத்தவுடன் இந்த பைட்டின் தொடக்க மதிப்பில் ஆறாம் பிட் பூச்சியம். முதல் கேள்வி போய் முடிந்தபோதுதான் அது உயர்ந்தது. ஆகவே முதல் முறை காத்திருப்பு உண்மையான காத்திருப்பு, பதிலும் வந்தது. இரண்டாவது முறை கொடி முந்தைய கேள்வியின் வெற்றியை இன்னும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. எட்டாவது எழுத்தை வெளி அறையில் வைத்த மறுகணமே, முடிந்தது என்று நம்பி ஓட்டியை மூடினோம். அப்போது கம்பியில் ஏழாவது எழுத்து தொடங்கியிருந்தது. சிஆர்சி இரண்டு பைட்டும் தொலைந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிலாஸ்கோப்பில் ஒரு முனையை `DE` காலிலும் இன்னொன்றை அனுப்பும் காலிலும் வைத்தால் போதும். சரியாக இருந்தால் `DE` 8.3 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் உயர்ந்து நிற்கும். ஐந்தாம் பிட்டை நம்பிய நிரலில் அது ஏறக்குறைய 7.3-இல் விழும். இறங்காத கொடியை நம்பிய நிரலில் 6.25-இல் விழும். எங்கள் திரையில் முதல் முறை 8.3, இரண்டாம் முறை 6.25. அளவுகள் ஒரு எழுத்து, இரண்டு எழுத்து என்று சரியாகக் குறைகின்றன. அந்த எண்ணைப் பார்த்ததுமே தவறு எந்த பிட்டில் என்று சொல்லிவிடலாம். முதல் நாளே ஆசிலாஸ்கோப்பை எடுத்துப் போயிருந்தால் மீட்டரைக் கழற்றியிருக்க மாட்டோம்.

ஒன்று எழுதினால் பூச்சியமாவது முரணாகத் தோன்றலாம். வடிவமைத்தவர்கள் அதை நல்ல காரணத்துக்காகவே வைத்தார்கள். `&=` என்று நாம் ஒரே குறியாக எழுதினாலும் செயலி மூன்று வேலை செய்கிறது: படிக்கிறது, மாற்றுகிறது, திரும்ப எழுதுகிறது. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே வன்பொருள் வேறொரு கொடியை ஏற்றினால் என்ன ஆகும்? நம் கையில் இருப்பது பழைய பிரதி, அதில் அந்த இடம் பூச்சியம். பூச்சியம் எழுதினால் இறங்கும் என்று விதி இருந்தால், அந்தப் புதிய கொடியை நாம் பார்க்காமலேயே இறக்கிவிடுவோம். ஒன்று எழுதினால்தான் இறங்கும் என்று வைத்துவிட்டால், நாம் கண்டு கையாண்ட கொடியின் இடத்தில் மட்டும் ஒன்றை வைத்து எழுதலாம். மற்ற இடங்களில் போகும் பூச்சியம் எதையும் கெடுக்காது. முன்னதாகப் படிக்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் `UCSR0A = (1 << TXC0);` என்று எழுதிவிடலாமா? கொடி இறங்கும். ஆனால் இதே பைட்டில் நம்முடைய அமைப்புகள் இரண்டு குடியிருக்கின்றனவே! இரட்டிப்பு வேகம் பூச்சியமாகிவிடும். 9600 என்று வைத்தது 4800 ஆகிவிடும். சரி, `|=` போடலாமா? `0x62 | 0x40` என்பது `0x62`. அதை எழுதினால் ஆறாம் இடத்தில் ஒன்று போய்க் கொடி இறங்குகிறது, வேகமும் தப்புகிறது. பெரும்பாலும் வேலை செய்யும். வேலை செய்வதாலேயே பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணத்தில் வரவில் ஒரு பிழைக்கொடி ஏறியிருந்தால், படித்தது `0x72`. அதை அப்படியே திரும்ப எழுதுகிறோம், நான்காம் இடத்தில் ஒன்று போகிறது. இந்தப் பைட்டில் எழுதும்போது அந்த மூன்று பிழை பிட்டுகளிலும் எப்போதும் பூச்சியமே எழுத வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. மீறினால் என்ன நடக்கும் என்று எழுதவில்லை. எழுதாத இடத்தில் நம் கருவியின் பிழைப்பை வைக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு பிட்டையும் பார்த்து, இது யாருடையது என்று கேட்க வேண்டும். நம்முடைய அமைப்பு என்றால் இருந்ததை அப்படியே திரும்பக் கொடுக்க வேண்டும். வன்பொருளின் கொடி என்றால் பூச்சியம் கொடுக்க வேண்டும். நாம் இறக்க நினைக்கும் கொடிக்கு மட்டும் ஒன்று. இதையே மாஸ்க்காக எழுதினால்:

```c
UCSR0A = (UCSR0A & ((1 << U2X0) | (1 << MPCM0)))
         | (1 << TXC0);
```

உள்ளே இருக்கும் மாஸ்க் `0x03`. `0x72 & 0x03` என்பது `0x02`. அதனுடன் `0x40` சேர்த்தால் `0x42`. பிழை இடங்களில் பூச்சியம், வேகம் இருந்தபடி, கொடி மட்டும் இறங்குகிறது. ஆர்டுயினோவின் `HardwareSerial.cpp` கோப்பைத் திறந்து எழுத்தை அனுப்பும் பகுதியைப் பார்த்தால் இதே வடிவில் ஒரு வரி இருப்பதைக் காண்பீர்கள். நாள்தோறும் `Serial.print` எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தக் கோப்பைப் படிக்க வேண்டும்.

இந்த வரியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எழுத்தை `UDR0`-இல் வைப்பதற்கு முன் இறக்கினால், இறக்கியதற்கும் வைத்ததற்கும் நடுவே முந்தைய எழுத்து முடிந்து கொடி மறுபடி ஏறிவிடலாம். வைத்த பின் இறக்குவது நல்லது. ஆனால் வைத்த பின் ஒரு நீண்ட இன்டரப்ட் குறுக்கே வந்து ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால், எழுத்து போய் முடிந்து கொடி ஏறிய பின் நாம் வந்து அதை இறக்குவோம். அதன்பின் என்றைக்கும் ஏறாத கொடிக்காகக் காத்திருப்போம். எனவே இரண்டு வரிக்கும் நடுவே யாரும் நுழையாதபடி பூட்ட வேண்டும்:

```c
uint8_t s = SREG;
cli();
UDR0 = b;
UCSR0A = (UCSR0A & 0x03) | (1 << TXC0);
SREG = s;
```

பூட்டியிருக்கும் நேரம் ஒரு மைக்ரோசெகண்டை ஒட்டியதுதான். இந்தச் சில்லு 16 மெகாஹெர்ட்சில் ஓடும்போது ஒரு சுழற்சி 62.5 நானோசெகண்ட். படிக்க இரண்டு, `&` ஒன்று, `|` ஒன்று, எழுத இரண்டு என்று நிலைச்சொல்லைத் தொடும் வேலை ஆறு சுழற்சியில் முடியும். முடிவில் `sei()` போடாமல் பழைய `SREG`-ஐத் திரும்ப வைத்திருப்பதைப் பாருங்கள். நாம் வரும்போதே இன்டரப்ட் மூடியிருந்தால், போகும்போது அதைத் திறந்துவிட நமக்கு உரிமை இல்லை.

இதே தொல்லை வன்பொருள் இல்லாத இடத்திலும் வரும். நினைவகத்தில் நாமே `flags` என்று ஒரு பைட் வைத்து, இன்டரப்ட் ஒரு பிட்டை ஏற்ற, முதன்மை நிரல் இன்னொரு பிட்டை `&=` போட்டு இறக்கினால், மூன்று வேலைகளின் நடுவே இன்டரப்ட் ஏற்றியது தொலைந்துபோகும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானழுத்தம் காணாமல் போகிறது என்று சொல்லிக் கொண்டு வருகிறார்களே, அந்தக் கருவிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இந்தச் சில்லில் அதற்கென்றே `GPIOR0` என்று ஒரு பொது பைட் இருக்கிறது. அதில் ஒற்றை பிட்டை ஏற்றவும் இறக்கவும் ஒரே கட்டளை போதும், நடுவே யாரும் புக முடியாது. வசதியான இடம், பலர் பயன்படுத்துவதில்லை.

வரவுப் பக்கத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பிழைக்கொடிகள் மூன்றும் வரிசையில் அடுத்துப் படிக்கப்போகும் எழுத்தைப் பற்றியவை. `UDR0`-ஐப் படித்துவிட்டால் அந்த எழுத்தோடு அவையும் போய்விடும். ஆகவே முதலில் நிலைச்சொல்லை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எழுத்தைப் படித்து, கடைசியில் அந்த மாறியைச் சோதிக்க வேண்டும். மூன்று பிழைக்கும் சேர்த்து மாஸ்க் `0x1C`. `s & 0x1C` பூச்சியமல்ல என்றால் ஏதோ ஒரு பிழை இருக்கிறது.

பிழையே இல்லையா என்று கேட்கும்போது இன்னொரு குழி. `s & 0x1C == 0` என்று எழுதினால் சி மொழி முதலில் `0x1C == 0` என்பதைக் கணக்கிடும். அது பொய், அதாவது பூச்சியம். பிறகு `s & 0`. எப்போதும் பூச்சியம். வந்த எழுத்து ஒவ்வொன்றையும் பிழை என்று எறிந்துவிடுவோம். `(s & 0x1C) == 0` என்று அடைப்பு போட்டாக வேண்டும். இப்படி ஏன் வைத்தார்கள் என்பதை டென்னிஸ் ரிட்சி சி மொழியின் வளர்ச்சியைப் பற்றி 1993-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். சி-க்கு முந்திய பி மொழியில் நிபந்தனைகளை இணைக்கவும் இதே `&` தான். அந்த வேலைக்கு அது `==`-ஐவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பதே சரி. பின்னர் `&&` தனியாகப் பிறந்தபோது, பழைய நிரல்கள் கெடக்கூடாதென்று `&`-இன் இடத்தை மாற்றாமல் விட்டார்கள். அதன் விலையை இன்றும் அடைப்புக்குறிகளில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தொகுக்கும்போது `-Wall` என்று சேர்த்துவிடுங்கள், ஜிசிசி இதை எச்சரிக்கும்.

கடைசியாக ஒன்று. இங்கே கற்றதை அப்படியே வேறொரு சில்லுக்கு எடுத்துப் போகாதீர்கள். எஸ்டிஎம்32எஃப்103 சில்லில் இதே வேலைக்கான நிலைச்சொல் `USART1->SR`. அனுப்பி முடிந்ததைச் சொல்லும் பிட் அங்கேயும் ஆறாம் பிட்தான். ஆனால் அது பூச்சியம் எழுதினால் இறங்குவது, ஒன்று எழுதினால் அசையாதது. நேர் எதிர். அங்கே சரியான வரி `USART1->SR = ~USART_SR_TC;` என்பது. இறக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சியம், மற்ற எல்லா இடத்திலும் ஒன்று. கேள்வி ஒன்றேதான், பிட் யாருடையது என்பது. விடையை அந்தந்தச் சில்லின் டேட்டாஷீட்தான் சொல்லும்.

ஆலையில் நாங்கள் மாற்றியது ஒரு வரி. அந்த மாலையிலேயே எல்லா மீட்டர்களும் பதில் சொல்லத் தொடங்கின. பின்னால் இருக்கும் மேசையில் இரண்டு ஊனோ பலகைகளும் ஓர் ஆசிலாஸ்கோப்பும் வைத்திருக்கிறேன். ஒன்றில் பழைய வரி, மற்றொன்றில் புதிய வரி. எது எதில் என்று எழுதி ஒட்டவில்லை. முனையை வைத்து `DE` எத்தனை மில்லிசெகண்ட் நிற்கிறது என்று அளந்து, நீங்களே சொல்லுங்கள்.